குறும்படத்தை வெளியிடும் முன்: இசை, எழுத்துரு, ஸ்டாக் காட்சி உரிமங்களைச் சரிபார்ப்பது எப்படி

எடிட் முடிந்து, கலர் முடிந்து, போஸ்டர்கூட ரெடியான பிறகுதான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வருகிறது: "இந்த இசைக்கு உங்களிடம் எழுத்தில் என்ன இருக்கிறது?" எங்களிடம் அதைக் கேட்டது ஒரு ஸ்ட்ரீமிங் தளம். மூன்று பக்கப் பட்டியல் அனுப்பியிருந்தார்கள், படத்தில் வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும், எழுத்துக்கும், வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் தாள் வேண்டும் என்று. அதைத் திரட்டி முடித்த சூட்டோடு எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய பணம் கைமாறும் இடத்தில் வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் சின்ன படத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி நாமே செய்யக்கூடிய வேலைதான்.

உதாரணத்துக்கு ஒரே படத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். 22 நிமிடக் குறும்படம், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது நடக்கும் கதை. அதில் பாரதியார் வரிகளில் ஒரு பாட்டு, கொஞ்சம் பின்னணி இசை, தமிழில் டைட்டில், நாம் எடுத்திராத சில வெள்ளக் காட்சிகள்.

1. படம் எங்கெல்லாம் போகும் என்று முதலில் எழுதுங்கள்

இசை தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். திரைப்பட விழா, யூடியூப் (விளம்பர வருமானத்தோடு), ஒருவேளை ஓடிடி, கல்லூரித் திரையிடல், இன்ஸ்டாகிராமில் டிரெய்லர் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதன் கீழே "உலகம் முழுக்க, காலவரம்பு இல்லாமல்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு உரிமமும் இந்தத் தாளில் உள்ள எல்லாவற்றையும் மூட வேண்டும். ஒன்றை மூடாவிட்டாலும் அது உங்களுக்கு ஆகாது.

"ராயல்டி ஃப்ரீ" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை ஒளிபரப்பும்போதும் தனியாகக் காசு தர வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கு, எவ்வளவு காலம், எந்தப் பயன்பாட்டுக்கு என்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கும். ஆன்லைன் வீடியோவுக்கு மட்டும் என்று வாங்கிய இசையோடு படத்தை விழாவில் திரையிட்டால் அது உரிமத்துக்கு வெளியே போய்விடுகிறது. இன்ஸ்டாகிராம் செயலிக்குள் கிடைக்கும் பாட்டும் இதே கதைதான். அந்தச் செயலிக்குள் பயன்படுத்தத்தான் அவர்கள் அனுமதி வாங்கியிருக்கிறார்கள், உங்கள் படத்துக்கு இல்லை.

2. எடிட் தொடங்கும் நாளிலேயே ஒரு பதிவேடு திறங்கள்

கூகுள் ஷீட் போதும். பொருளின் பெயர், படத்தில் வரும் நேரம், யார் உரிமையாளர், எங்கிருந்து எடுத்தது, எடுத்த தேதி, உரிமத்தின் வகை, யார் பெயரில் வாங்கியது, ரசீதும் உரிமத் தாளும் இருக்கும் இடம். இவ்வளவுதான் பத்திகள்.

இதில் இரண்டை மட்டும் விளக்கிவிடுகிறேன். முதலாவது, எடுத்த தேதி. இலவசத் தளங்களின் விதிகள் மாறும். இலவசப் படங்கள் தரும் பிக்சபே தளமே முன்பு CC0, அதாவது எந்த நிபந்தனையும் இல்லை, என்று கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு 2019-இல் தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. நீங்கள் டவுன்லோடு செய்த அன்று என்ன விதி இருந்தது என்பதற்குச் சாட்சி உங்களிடம்தான் இருக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தையும் உரிமப் பக்கத்தையும் அன்றே பிடிஎஃப் ஆக சேமியுங்கள், தேதியும் முகவரியும் தெரிகிற மாதிரி.

இரண்டாவது, யார் பெயரில். எடிட்டர் தன் சந்தாக் கணக்கிலிருந்து இசையை எடுத்துப் போட்டிருப்பார், கேட்டால் "என்கிட்ட லைசென்ஸ் இருக்குங்க" என்பார். அவர் பெயரில் இருக்கிறது, படம் உங்கள் பெயரில் வெளியாகிறது. வாடிக்கையாளருக்காகச் செய்து கொடுக்கும் வேலையைச் சில தளங்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது, சிலவற்றில் அதற்கு விலை கூடுதலான திட்டம் வேண்டும். நீங்களே ஒரு மாதச் சந்தா எடுத்து உங்கள் பெயரில் மீண்டும் டவுன்லோடு செய்வதுதான் தலைவலி இல்லாத வழி. திட்டத்தைப் பொறுத்து ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வரம்பில் முடிந்துவிடும்.

3. இசை: ஒரு பாட்டுக்குள் எத்தனை உரிமை என்று எண்ணுங்கள்

பதிவான பாட்டு ஒன்றில் குறைந்தது மூன்று அடுக்கு இருக்கிறது. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றுக்கும் உரிமையாளர்கள் வெவ்வேறாக இருக்கலாம், காலக்கெடுவும் வேறு. இந்தியச் சட்டப்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு.

நம் படத்துக்கு வருவோம். பாரதியார் இறந்தது 1921-இல். வரிகளில் சிக்கல் இல்லை. ஆனால் நம் காதில் ஓடும் மெட்டு பெரும்பாலும் யாரோ ஒரு திரைப்பட இசையமைப்பாளர் பிற்காலத்தில் போட்டதாக இருக்கும். அந்த மெட்டில் உங்கள் நண்பர் புதிதாகப் பாடினாலும் மெட்டின் உரிமை அந்தப் பக்கம்தான். வரியை எடுத்துக்கொள்ளுங்கள், மெட்டைப் புதிதாகப் போடுங்கள்.

கர்நாடக இசையிலும் இதே பொறி உண்டு. தியாகராஜர் 1847-இல் மறைந்தார், அவர் கீர்த்தனையைப் படத்தில் ஒருவரைப் பாட வைக்கத் தடையில்லை. ஆனால் ஒரு பாடகரின் கேசட்டிலிருந்து அதை எடுத்தால் ஒலிப்பதிவு கேசட்டை வெளியிட்ட கம்பெனிக்குச் சொந்தம். அதே சமயம் "கீர்த்தனை தானே, பழசு" என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடவும் முடியாது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். கணக்குப் போட்டால் 2033 முடியும் வரை அவர் பாடல்களுக்கு உரிமை உண்டு. இதெல்லாம் இந்தியக் கணக்கு. படம் வெளிநாட்டுக்கும் போகிறது என்றால் அங்கே காலக்கெடு வேறாக இருக்கும்.

"பத்து செகண்டுக்குள் இருந்தால் பரவாயில்லை" என்று ஷூட்டிங் ஸ்பாட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு பத்து செகண்ட் கிடையாது. விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள்வதற்கு விலக்கு இருக்கிறது, கதைப்படத்தில் உணர்ச்சிக்காகப் பாட்டுப் போடுவது அதில் வராது.

இன்னொன்று, டீக்கடை ரேடியோ. கடையில் காட்சி எடுக்கும்போது பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடி, அது வசனத்தோடு பதிவாகிவிடும். சுவரில் தொங்கும் ஓவியமோ தெருவில் நிற்கும் சிலையோ பின்னணியில் வந்தால் சட்டம் விட்டுவிடுகிறது. பாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. வசனத்தை டப்பிங்கில் திரும்ப எடுப்பதுதான் மருந்து. படப்பிடிப்பு நாளிலேயே கடைக்காரரிடம் ரேடியோவை அணைக்கச் சொல்லிவிடலாம், ரேடியோ சத்தத்தை வேண்டுமானால் பிறகு உங்கள் இசையமைப்பாளரே உருவாக்கித் தருவார்.

சினிமாப் பாட்டேதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஆடியோ கம்பெனிக்கு எழுதி காட்சியோடு இணைக்கும் உரிமம் கேட்க வேண்டும். பதில் வர வாரக்கணக்கு ஆகும், சில சமயம் வரவே வராது, வந்தால் தொகை உங்கள் மொத்த பட்ஜெட்டைத் தாண்டியிருக்கலாம். முயற்சி செய்யுங்கள், ஆனால் அந்தப் பாட்டை நம்பி எடிட்டைப் பூட்டாதீர்கள்.

இனி கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது படைத்தவரே எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடும் பொது உரிமங்கள். CC BY என்றால் பெயர் போட்டுப் பயன்படுத்தலாம், சம்பாதிக்கவும் செய்யலாம். CC0 என்றால் பெயர்கூடக் கட்டாயமில்லை. NC, அதாவது வணிகத்துக்கு ஆகாது, என்று இருந்தால் விட்டுவிடுங்கள், விளம்பர வருமானமும் ஓடிடிப் பணமும் வணிகம்தான். அதிகம் பேர் விழும் இடம் ND-யும் SA-வும். ND என்றால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது, SA என்றால் மாற்றியமைத்ததை அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். "நான் பாட்டை வெட்டவே இல்லை, முழுசா அப்படியே போட்டேன், அதனால் ND பிரச்சினை இல்லை" என்று வாதிடுவார்கள். 4.0 உரிமத்தின் வாசகத்திலேயே தெளிவாக இருக்கிறது: இசையை ஓடும் காட்சியோடு நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது மாற்றியமைத்த படைப்பு. ஆகவே ND இசையைப் படத்தில் வைத்து வெளியிட முடியாது. SA இசையை வைத்தால் படத்தையே அதே SA உரிமத்தில் ஊருக்குக் கொடுக்க வேண்டிவரும். எந்த ஓடிடியும் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெயர் போடும்போது "இசை: இணையம்" என்று போடுவதில் பிரயோஜனம் இல்லை. இப்படி இருக்க வேண்டும், படத்தின் முடிவிலும் யூடியூப் விளக்கத்திலும்:

```
"Track name" - Composer name
Source: (பக்கத்தின் முகவரி)
CC BY 4.0: https://creativecommons.org/licenses/by/4.0/
மாற்றம்: நீளம் குறைக்கப்பட்டது
```

4. நண்பர்தான் இசையமைப்பாளர் என்றாலும் தாளில் எழுதுங்கள்

நண்பர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் பணம் கொடுத்துவிட்டால் இசை நம்முடையது ஆகிவிடும் என்று நினைத்துக்கொள்ள முடியாது, உரிமை மாற வேண்டும் என்றால் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். இரண்டு பக்கம் போதும். எந்தப் பாடல், எந்த இசைத் துண்டுகள், எந்த உரிமை (முழுதாக எழுதிக் கொடுக்கிறாரா, இந்தப் படத்துக்கு மட்டும் உரிமம் தருகிறாரா), எவ்வளவு தொகை, எங்கெல்லாம், எவ்வளவு காலம்.

கடைசி இரண்டையும் எழுத மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவே எடுத்துக்கொள்கிறது. 30A பிரிவு வழியாக உரிமங்களுக்கும் இது பொருந்தும். "என் இசையை உன் படத்துக்குத் தருகிறேன்" என்று ஒற்றை வரியில் வாங்கிய கடிதம் ஆறாவது ஆண்டு யூடியூபில் வெறும் காகிதம். அதனால் முதல் படியில் எழுதிய அந்த வரியை, "உலகம் முழுக்க, உரிமைக் காலம் முழுவதும்" என்று கொஞ்சம் மாற்றி இங்கே இறக்குங்கள். முழுதாக எழுதி வாங்கினாலும் 2012 திருத்தத்துக்குப் பிறகு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிய ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிவிட முடியாது, அதை முயலவும் வேண்டாம்.

பாடியவர், நாதஸ்வரம் வாசித்தவர் ஆகியோரிடமும் தனித்தனியாக ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குங்கள், கலைஞர்களுக்கும் தங்கள் நிகழ்த்துதலில் உரிமை உண்டு. ரெக்கார்டிங் முடிந்து சம்பளம் கொடுக்கும் அந்த நிமிடம்தான் இதற்கு நல்ல நேரம். மாதம் கழித்து ஆளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இசையமைப்பாளரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எங்காவது வாங்கிய லூப், அதாவது ரெடிமேட் இசைத் துண்டு, பயன்படுத்தினீர்களா? பயன்படுத்தியிருந்தால் அதன் பெயரும் தளமும் பதிவேட்டுக்குப் போகட்டும், ஏனென்றால் அதே லூப்பை வைத்து இன்னொருவர் பாட்டு வெளியிட்டிருந்தால் பதிவேற்றும் வீடியோக்களில் அடுத்தவர் இசையைத் தானாகத் தேடும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி உங்கள் படத்தை அவருடைய பாட்டு என்று பிடிக்கும். அடுத்தது, இந்த இசையை ஸ்பாட்டிஃபையில் போடப் போகிறீர்களா? போடட்டும், நல்லதுதான். ஆனால் விநியோகம் செய்யும் சேவையில் கன்டென்ட் ஐடிக்கான பெட்டியை டிக் செய்தால் உங்கள் படத்தின் மீதே உங்கள் படத்தின் இசை உரிமை கோரும். டிக் செய்யாமல் விடச் சொல்லுங்கள், அல்லது உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

5. எழுத்துரு: இது எளிது, ஆனால் போஸ்டரில்தான் மாட்டும்

கூகுள் ஃபாண்ட்ஸில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, மீரா இனிமை, அனெக் தமிழ் எல்லாம் OFL எனும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. டைட்டில், போஸ்டர், லோகோ, விற்பனை எதற்கும் தடையில்லை, காசும் இல்லை, பெயர் போட வேண்டும் என்றும் இல்லை. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. டவுன்லோடு செய்த ஜிப்புக்குள் `OFL.txt` இருக்கும், அதை எழுத்துருவோடு சேர்த்தே வையுங்கள். அதுதான் உங்கள் தாள்.

சிக்கல் வருவது வடிவமைப்பாளரின் கணினியிலிருந்து. அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பல ஆண்டுகளாகக் கைமாறி வந்த நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள் இருக்கும், எது விலைக்கு விற்கப்பட்டது, எது இலவசம் என்று அவருக்கே தெரியாது. "இலவச எழுத்துரு" தளங்களில் பாதிக்கு மேல் "Free for personal use" என்றுதான் இருக்கிறது, பொது வெளியீட்டுக்கு அது ஆகாது. வேலை கொடுக்கும்போதே "OFL எழுத்துரு மட்டும்" என்று சொல்லிவிடுங்கள், முடிந்ததும் என்னென்ன எழுத்துரு என்று எழுதி வாங்குங்கள். சந்தேகம் வந்தால் otfinfo என்ற கருவியை நிறுவி, டெர்மினலில் கோப்பையே கேட்டுப் பார்க்கலாம்:

```
otfinfo -i TitleFont.ttf
```

உரிமம் பற்றிய வரிகள் உள்ளே இருந்தால் காட்டும். எதுவும் இல்லை என்றால் இலவசம் என்று பொருள் இல்லை, தெரியவில்லை என்றுதான் பொருள். எழுத்துருவை மாற்றிவிடுங்கள், அரை நாள் வேலை.

விலைக்கு வாங்கிய எழுத்துரு என்றால் ஒன்றைக் கவனியுங்கள். படத்தில் எரித்துப் பதித்த எழுத்து வெறும் படம்தான், எழுத்துருக் கோப்பு வெளியே போவதில்லை. ஆனால் தியேட்டரில் ஓட்டக் கொடுக்கும் டிசிபி கோப்புத் தொகுப்பில் சப்டைட்டிலைத் தனி உரையாக வைத்தால் எழுத்துருக் கோப்பும் அதனுள் சேர்ந்து போகும், செயலியிலும் வலைத்தளத்திலும் அப்படித்தான். கோப்பைச் சேர்த்துக் கொடுக்க டெஸ்க்டாப் உரிமம் பெரும்பாலும் போதாது. சப்டைட்டிலுக்கு நோட்டோவை வைத்துவிட்டால் இந்தக் கவலையே வராது.

6. ஸ்டாக் காட்சி: ஷாட்டுக்குள் இருப்பவர்களையும் பாருங்கள்

மழை, மேகம், கடல் அலை போன்றவை பெக்சல்ஸில் இலவசமாகக் கிடைக்கும், வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. அடையாளம் தெரியும் முகம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்த ஆளைத் தப்பான வெளிச்சத்தில் காட்டக் கூடாது என்பது அவர்கள் விதி. யாரோ ஒரு பெண் சன்னலோரம் நிற்கும் இலவசக் காட்சியை எடுத்து, உங்கள் கதையில் அவரைக் கடன்காரியாகவோ நோயாளியாகவோ ஆக்குவது அதற்குள்தான் வரும்.

வெள்ளக் காட்சிதான் உண்மையான சோதனை. மூன்று வழி தெரியும். டிவி செய்தியிலிருந்து எடுப்பது: அது சேனலின் உரிமை, எழுதிக் கேட்க வேண்டும், யூடியூபில் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. பெரிய ஸ்டாக் தளங்களில் வாங்குவது: ஒரு கிளிப் ஐந்தாறாயிரம் ரூபாயைத் தொடுவது சகஜம், போகட்டும் என்று வாங்கப் போனால் பேரிடர்க் காட்சிகளில் பெரும்பாலும் "Editorial Use Only" என்று இருக்கும். உள்ளே இருக்கும் மக்களிடமும் கட்டட உரிமையாளர்களிடமும் ஒப்புதல் வாங்கவில்லை, செய்திக்கும் அது போன்ற பயன்பாட்டுக்கும் மட்டும் என்பதுதான் அதன் பொருள். கதைப்படம் அதில் வராது என்று வைத்துக்கொண்டே நடங்கள். காசு கொடுத்து வாங்கினாலும் இந்த நிபந்தனை போகாது.

மூன்றாவது வழி, அந்த நாட்களில் தன் போனில் எடுத்தவரிடம் கேட்பது. சின்ன படத்துக்கு இதுதான் சரிப்படும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் எடுத்தவர் இல்லை. "இதை நீங்களே எடுத்தீர்களா, ஒரிஜினல் கோப்பு இருக்கிறதா" என்று கேளுங்கள். ஒரிஜினலில் தேதியும் கேமரா விவரமும் பெரும்பாலும் இருக்கும், ஃபார்வர்டு ஆன கோப்பில் அதெல்லாம் கழன்றிருக்கும். எடுத்தவர் கிடைத்தால் நான்காம் படியில் சொன்ன அதே விவரங்களோடு ஒரு கடிதம்: நானே எடுத்தேன், இந்தப் படத்தில் பயன்படுத்த அனுமதிக்கிறேன், உலகம் முழுக்க, உரிமைக் காலம் முழுவதும், பெற்றுக்கொண்ட தொகை இவ்வளவு. அடையாள அட்டை நகலும் சேர்த்து வையுங்கள். முகம் தெரியும் இடங்களை வெட்டுங்கள் அல்லது மங்கலாக்குங்கள். தண்ணீரும் மூழ்கிய பைக்கும் மட்டும் தெரியும் நான்கு செகண்ட் கதைக்குப் போதுமா என்று எடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள், பெரும்பாலும் போதும்.

யூடியூபில் "கிரியேட்டிவ் காமன்ஸ்" என்று வடிகட்டித் தேடுபவர்களுக்கு: அந்த முத்திரையைக் குத்துவது பதிவேற்றியவர். அவர் எங்கிருந்து சுட்டாரோ! செயற்கைக்கோள் படம் வேண்டும் என்று நாசா பக்கம் போனால் பெரும்பாலும் தடையிருக்காது, அமெரிக்க அரசின் படைப்புகளுக்கு அங்கே பதிப்புரிமை இல்லை (லோகோவைத் தொடாதீர்கள்). அதே நினைப்பில் இந்திய அரசுத் துறையின் வீடியோவை எடுக்காதீர்கள், இங்கே அரசுக்கும் 60 ஆண்டு உரிமை உண்டு.

7. வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே மறைவாகப் பதிவேற்றிப் பாருங்கள்

யூடியூபில் பிரைவேட்டாகவோ அன்லிஸ்டடாகவோ முழுப் படத்தையும் ஏற்றுங்கள். பதிவேற்றும்போதே பதிப்புரிமைச் சோதனை ஓடி, எதுவும் சிக்கினால் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று காட்டும். சந்தா இசை என்றால் உங்கள் சேனலை அவர்கள் தளத்தில் இணைத்தீர்களா என்றும் அப்போது பாருங்கள். சந்தா இருக்கும்போது வெளியிட்ட படம் சந்தா முடிந்த பிறகும் பாதுகாப்பாக இருக்கும் என்பது பல தளங்களின் விதி, ஆனால் டவுன்லோடு செய்துவிட்டு, சந்தாவை நிறுத்திவிட்டு, அப்புறம் வெளியிட்டால் பல இடங்களில் அது செல்லாது. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனால் சந்தாவையும் நீட்டியாக வேண்டும்.

உரிமை கோரல் வந்தால் பதற வேண்டாம், அது ஸ்டிரைக் இல்லை. கோரல் என்றால் வருமானம் வேறு பக்கம் போகலாம் அல்லது சில நாடுகளில் படம் தெரியாமல் போகலாம். ஸ்டிரைக் என்பது படத்தையே நீக்கச் சொல்வது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனல் போய்விடும். கையில் தாள் இருந்தால் கோரலை எதிர்த்து மனு போடுங்கள், ஐந்து நாளுக்குள் போட்டால் முதல் நாள் வருமானத்திலிருந்தே அது நிறுத்திவைக்கப்படும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. ஒரு மாதம் முன்பே ஏற்றச் சொல்வது இதற்காகத்தான். தாள் இல்லாமல் மட்டும் மனு போடாதீர்கள், அவர்கள் அடுத்த கட்டமாக ஸ்டிரைக் கொடுக்க முடியும்.

ஓடிடிக்கோ விநியோகஸ்தருக்கோ போகிறது என்றால் இசைப் பட்டியல் ஒன்று கேட்பார்கள், க்யூ ஷீட் என்பார்கள். ஒவ்வொரு இசைத் துண்டும் தொடங்கும் நேரம், நீளம், பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், உரிமையாளர், பின்னணியில் ஒலிக்கிறதா அல்லது காட்சிக்குள் யாராவது பாடுகிறார்களா என்ற விவரம். பதிவேடு ஒழுங்காக இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். எல்லாக் கடிதங்களையும் ஸ்கேன் செய்து, பதிவேட்டின் வரிசை எண்ணையே கோப்பின் பெயராக வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தால் எதிரில் இருப்பவர் திரும்பத் திரும்ப மின்னஞ்சல் அனுப்ப மாட்டார். அசல் கடிதங்களை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.